எழுந்து போகக்கூடிய மேசை

கோயம்புத்தூரில் வீட்டிலிருந்தபடியே உணவுப் பொருட்களுக்கு லோகோவும் லேபிளும் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். அவர்களோடு எல்லாமே தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் முடிந்துவிடும். உள்ளூர்க்காரர்கள் அப்படியல்ல. ஆளை நேரில் பார்த்துப் பேசினால்தான் அவர்களுக்கு மனம் சமாதானமாகும், அட்வான்ஸும் அப்போதுதான் வரும். எட்டு ஆண்டுகளில் இப்படி நாற்பது பேருக்கு மேல் முதன்முறையாகச் சந்தித்திருக்கிறேன். அந்தச் சந்திப்புகளில் ஒன்றை மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன். இடம், நேரம், பாதுகாப்பு, ஒப்பந்தம் ஆகியவற்றைத் தனித்தனி வேலைகளாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அவையெல்லாம் ஒரே கேள்வியின் பகுதிகள் என்று விளங்கியது அந்தச் சந்திப்பில்தான். பாதியில் எழுந்து போக வேண்டுமென்றால் என்னால் போக முடியுமா என்பதே அந்தக் கேள்வி.

மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் ஒருவர், தெரிந்த அச்சகக்காரர் மூலம் என் எண்ணைப் பெற்று அழைத்தார். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் புட்டியில் அடைத்துக் கடைகளுக்குப் போடப் போவதாகவும், அதற்கு ஒரு பெயர்ச் சின்னமும் லேபிள்களும் வேண்டுமென்றும் சொன்னார். பேச்சு மரியாதையாக இருந்தது. கடைசியில், "சாயங்காலம் ஏழு மணிக்கு மேல நம்ம அப்பார்ட்மென்ட்டுக்கே வந்துருங்க மேடம், நிதானமாப் பேசிக்கலாம்" என்றார்.

அவர் எந்தத் தவறான எண்ணத்தோடும் அதைச் சொல்லவில்லை என்பது பின்னால் தெரிந்தது. பகலெல்லாம் செக்கில் நிற்பவருக்கு ஓய்வு கிடைப்பதே இரவில்தான். ஆனால் சொல்லும்போது அவர் மனம் எப்படி இருந்தது என்பதை அறிய எனக்கு வழியில்லை. அறிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லாமல் ஏற்பாடு செய்துகொள்வதே புத்திசாலித்தனம். தொழில் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் நான் அப்படிச் செய்யவில்லை. ஊருக்கு வெளியே, கட்டி முடிக்கப்படாத வணிக வளாகம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இருந்த அலுவலகத்துக்கு மாலை ஆறு மணிக்குப் போனேன். பேச்சு நீண்டது; கீழே காவலாளி வீட்டுக்குக் கிளம்பினார்; மாடிப்படியில் விளக்கு இல்லை; தொலைபேசியில் சிக்னல் ஒரு கோடு. தீங்கு எதுவும் நடக்கவில்லை. ஆனால் எதிரில் இருந்தவர் நான் சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கச் சொன்னபோது, மறுத்துப் பேசாமல் ஒப்புக்கொண்டேன். சீக்கிரம் அங்கிருந்து கிளம்ப வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் அப்போது என் நினைவில் இல்லை. பாதுகாப்பில்லாத இடம் உடம்புக்கு மட்டும் ஆபத்தானது என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்: அங்கே பேசப்படும் விலையும் பாதுகாப்பற்றதே.

ஆகவே செக்கு எண்ணெய்க்காரருக்கு நான் அன்றிரவே இப்படி ஒரு செய்தி அனுப்பினேன்: "சார், முதல் சந்திப்பைப் பகல் நேரத்தில் பொது இடத்தில் வைத்துக்கொள்வது என் வழக்கம். புதன்கிழமை காலை 11 மணிக்கு ஆர்.எஸ்.புரத்தில் ஓர் உணவகத்தில் சந்திக்கலாமா? கொட்டேஷன் தயார் செய்ய உங்கள் ஜிஎஸ்டி எண்ணை அனுப்பினால் உதவியாக இருக்கும்." இதில் மன்னிப்பும் இல்லை, காரண விளக்கமும் இல்லை. "என் வழக்கம்" என்று சொல்லிவிட்டால் அது அவர்மீதான சந்தேகமாக ஒலிக்காது. "வீட்டில் விடமாட்டார்கள்" என்று சொல்லும் பழக்கம் எனக்கு முன்பு இருந்தது; அதைச் சொன்ன மறுநிமிடமே எதிராளி நம்மைத் தொழில் செய்பவராகப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார் என்பதால் விட்டுவிட்டேன். இந்தச் செய்திக்கு வரும் பதிலே ஒரு தகவல். "சரிங்க" என்று வந்தால் வேலை தொடரும். "எங்களை நம்பலையா?" என்றோ, "நாங்க என்ன சாப்பிட்டுருவமா?" என்றோ வந்தால் அந்த வேலையை நான் எடுப்பதில்லை. இடத்தை மாற்றச் சொன்னதற்கே சடைத்துக்கொள்பவர், பின்னால் பணத் தவணையை நினைவூட்டும்போது எப்படிப் பேசுவார் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

அவர் "சரிங்க மேடம்" என்று பதில் போட்டு ஜிஎஸ்டி எண்ணையும் அனுப்பினார். இந்த 15 எழுத்து எண் விலைப்பட்டியலுக்கு மட்டும் உரியதன்று. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் உரிமையாளரின் பான் எண். பான் எண்ணின் நான்காம் எழுத்து, அதாவது ஜிஎஸ்டி எண்ணின் ஆறாம் எழுத்து, அது யாருடையது என்று சொல்லும்: P என்றால் தனிநபர், F என்றால் கூட்டாண்மை, C என்றால் கம்பெனி. ஜிஎஸ்டி இணையதளத்தில் Search Taxpayer என்ற பகுதியில் இந்த எண்ணைப் போட்டால், சட்டப்படியான பெயர், தொழிற்பெயர், பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா, தொழில் நடக்கும் இடம் ஆகியவை தெரியும். ஐந்து நிமிட வேலை. சிறு தொழில்கள் பலவற்றுக்கு ஜிஎஸ்டி பதிவே இருக்காது, அது குற்றமும் அல்ல. அப்படிப்பட்டவர்களிடம் கடைப் பலகையின் புகைப்படத்தையோ, அவர்களோடு வேலை செய்த அச்சகத்தின் பெயரையோ கேட்பேன்.

எனக்கு வந்த எண்ணில் ஆறாம் எழுத்து P. சட்டப்படியான பெயராக ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. என்னை அழைத்தவரோ ஆண். இதில் பதற ஒன்றுமில்லை. நம் ஊரில் பாதிச் சிறுதொழில்கள் மனைவி பெயரிலோ அம்மா பெயரிலோதான் இருக்கின்றன. அழைத்துக் கேட்டேன். "தொழில் எங்க வீட்டுக்காரம்மா பேர்ல இருக்குதுங்க, ஆனா பாத்துக்கறது எல்லாம் நாந்தானுங்க" என்றார். தனிநபர் உரிமைத் தொழிலில் கடைப்பெயருக்குச் சட்டத்தில் தனி உயிர் கிடையாது. உரிமையாளரும் தொழிலும் ஒன்றே. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியவர் அந்த அம்மையார். "அப்படியானால் கையெழுத்துப் போட அவங்களும் வரணுமே சார்" என்றேன். சிறிது தயங்கி, "கூட்டிட்டு வர்றேனுங்க" என்றார். ஒப்பந்தத்துக்காகக் கேட்ட அந்தக் கேள்வி, ஒரு அந்நிய ஆணைத் தனியாகச் சந்திக்க இருந்த நிலையை ஒரு தம்பதியைச் சந்திக்கும் நிலையாக மாற்றிவிட்டது. நான் அதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. அன்றிலிருந்து திட்டமிட்டே செய்கிறேன்.

இனி இடத்தைப் பற்றி. பொது இடம் என்றால் போதாது. கூட்டமான பேரங்காடியின் உணவுத்தளத்தில் மூன்று முறை சந்தித்துவிட்டு, இனி அங்கே போவதில்லை என்று முடிவெடுத்தேன். இரைச்சலில் தொகை எதுவும் சரியாகக் காதில் விழாது; வண்டியை நிலத்தடியில் நிறுத்த வேண்டியிருக்கும்; திரும்பும்போது அந்தத் தளத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். விலையுயர்ந்த காபிக் கடைகளில் மேசைகள் சிறியவை, ஏ4 தாள்கள் இரண்டை விரிக்க முடியாது; பில்லும் யார் கொடுப்பது என்ற சங்கடத்தைக் கொண்டுவரும். எனக்கு ஒத்துவந்தது பழைய பாணி சைவ உணவகம். அதிலும் நேரம் முக்கியம். காலைச் சிற்றுண்டிக் கூட்டம் பத்தரைக்குள் வடிந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்கு மேசை துடைப்பது பன்னிரண்டே காலுக்குத் தொடங்கும். நடுவில் உள்ள அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் இரண்டு காபியோடு யாரும் நம்மை எழுப்பமாட்டார்கள். பன்னிரண்டேகாலுக்குப் பிறகு பரிமாறுபவர் வந்து "சாப்பாடுங்களா?" என்று கேட்பார், பேச்சை முடித்துக்கொள்ள அதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

மாடியிலுள்ள குளிர்சாதன அறை வேண்டாம். அதன் கதவு கருப்புக் கண்ணாடி. கீழ்க்கூடத்தில், கல்லாவிலிருந்து பார்த்தால் தெரிகிற மேசை, சுவரோரமாக நான் அடைபட்டு உட்கார வேண்டியிராத பக்கம். அதற்காகவே பதினைந்து நிமிடம் முன்னால் போவேன். ஸ்கூட்டரைச் சாலையோர நிறுத்தத்தில், கிளம்பும் திசையில் முகம் வைத்து நிறுத்துவேன். சாவி கைப்பையில் இராது, சட்டைப் பையிலேயே இருக்கும்.

கிளம்பும் முன் என் தோழி ஒருத்திக்கு மூன்று விவரங்கள் போகும்: யாரைச் சந்திக்கிறேன் என்பதும் அவர் எண்ணும், உணவகத்தின் பெயரும் அதன் தரைவழித் தொலைபேசி எண்ணும், நான் முடித்துவிட்டு அழைக்கும் நேரம். வாட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடத்தைப் பகிரும்போது 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று தெரிவுகள் வரும். 1 மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்தால், பேச்சு நீளும் நாளில், அதாவது அது தேவைப்படும் நாளில், நின்றுபோகும். 8 மணி நேரம் வைத்து, வீடு திரும்பியதும் நானே நிறுத்திவிடுவேன். எங்கள் ஏற்பாடு எளிமையானது. 12.30-க்கு நான் அழைக்காவிட்டால் அவள் அழைப்பாள். இரண்டு முறை எடுக்காவிட்டால் உணவகத்துக்கு அழைத்து, கல்லாவில் இருப்பவரிடம் மேசையைப் பார்க்கச் சொல்வாள். அதற்கும் பதில் இல்லையென்றால் 112. நான் பேசும்போது "மாத்திரை வாங்கிட்டியா?" என்று கேட்டுவிட்டால், அவசரமாக வீட்டுக்கு வரச் சொல்லி அவள் மீண்டும் அழைக்க வேண்டும் என்று பொருள். அந்த வாக்கியத்தை எட்டு ஆண்டுகளில் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறேன். தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியும் தொலைபேசியில் இருக்கிறது. ஆனால் ஏற்பாட்டின் உயிர், கல்லாவில் இருப்பவர் எட்டிப் பார்க்க முடியும் என்பதில் இருக்கிறது.

கொண்டுபோகாதவற்றையும் சொல்ல வேண்டும். மடிக்கணினியைக் கொண்டுபோவதில்லை, மாதிரிகளை அச்சிட்டு ஒரு கோப்பில் வைத்திருப்பேன். ஆதார் நகலை யாருக்கும் தருவதில்லை; மிகவும் வற்புறுத்தினால் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் காட்டலாம், விலைப்பட்டியலுக்குப் பான் எண்ணே போதும். வீட்டு முகவரி மட்டும் நெடுநாள் தலைவலியாக இருந்தது. ஒப்பந்தம் என்றால் இரு தரப்பு முகவரியும் வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண் முதல் சந்திப்பிலேயே முகவரியை எழுதிக் கொடுத்தால், பகலில் உணவகத்தில் சந்தித்ததற்குப் பொருளே இல்லை. என் கணக்குகளைப் பார்க்கும் ஆடிட்டரிடம் அனுமதி பெற்று, அவர் அலுவலக முகவரியைக் கடிதப் போக்குவரத்து முகவரியாகப் போட்டுக்கொள்கிறேன். சிலர் பகிர்வு அலுவலகத்தின் முகவரியைப் பயன்படுத்துகிறார்கள். தொழிலுக்குத் தனி சிம், அந்த எண்ணில் மட்டும் யுபிஐ.

புதன்கிழமை அவர்கள் பத்து நிமிடம் தாமதமாக வந்தார்கள். கணவர் பேசினார், மனைவி மாதிரிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். கால் மணி நேரத்துக்குப் பிறகு அந்த அம்மையார் ஒரு லேபிளை எடுத்து, "இதுல எழுத்து எண்ணெய் பட்டா அழியுமாங்க?" என்று கேட்டார். அன்று அந்த மேசையில் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அதுதான். தொழிலைப் பார்த்துக்கொள்வது யார் என்பதில் எனக்கு அதன்பின் ஐயம் எழவில்லை. நிறமும் எழுத்தும் பற்றிய எல்லாக் கேள்விகளையும் அவரை நோக்கியே கேட்டேன்.

நான் இரண்டு பக்க ஒப்பந்தத்தைத் தமிழில், தொகைகளுக்கும் தேதிகளுக்கும் இடம் விட்டு, இரண்டு படிகள் அச்சிட்டுக் கொண்டுபோவேன். சந்திப்பின் பேச்சு அந்த இடைவெளிகளை நிரப்புவதாகவே நடக்கும். இதனால் "அப்புறம் மெயில் அனுப்புறேன்" என்ற நிலை வராது. பேசியது ஒன்று, எழுதியது ஒன்று என்றும் ஆகாது. அன்று நிரப்பியது இது. லோகோ ஒன்று, 12,000 ரூபாய். மூன்று எண்ணெய்க்கும் அரை லிட்டர், ஒரு லிட்டர் என இரண்டு அளவுகள், ஆக ஆறு லேபிள்கள், ஒன்றுக்கு 4,000 வீதம் 24,000. மொத்தம் 36,000. கையெழுத்தாகும் நாளில் 14,400. லோகோவை ஏற்றுக்கொண்டதும் 10,800. அச்சுக்குரிய கோப்புகளை ஒப்படைக்கும் முன் 10,800. மூன்று தவணை வைப்பதற்குக் காரணம், எந்தக் கட்டத்தில் வேலை நின்றாலும் இரு தரப்புக்கும் இழப்பு ஒரு தவணைக்கு மேல் போகாது என்பதே.

எங்கே தகராறு பிறக்கும் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். அது தொகையில் பிறப்பதில்லை, "சின்ன மாற்றம்" என்ற சொல்லில் பிறக்கும். ஆகவே லோகோவுக்கு மூன்று மாதிரிகள், தேர்ந்தெடுத்ததில் இரண்டு சுற்றுத் திருத்தங்கள் என்று எழுதி, ஒரு சுற்று என்பது ஒரே செய்தியில் மொத்தமாக அனுப்பப்படும் திருத்தங்கள் என்று விளக்கமும் எழுதினேன். காலையில் ஒன்று, மச்சான் பார்த்துவிட்டு மாலையில் ஒன்று என்று வந்தால் அவை இரண்டு சுற்றுகள். மூன்றாம் சுற்றிலிருந்து சுற்றுக்கு 1,500. திருத்தத்தைச் சொல்லும் உரிமை ஒரே ஒருவருக்கு. அந்த இடத்தில் அம்மையாரின் பெயரை எழுதினோம். கணவர் சிரித்துக்கொண்டே, "அப்ப நான் ஒண்ணும் சொல்லக் கூடாதுங்களா?" என்றார். "அவங்ககிட்ட சொல்லுங்க சார்" என்றேன்.

லேபிளில் அச்சாகும் விவரங்களுக்கு யார் பொறுப்பு என்பது அடுத்தது. நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை, தொகுதி எண், அடைத்த மாதமும் ஆண்டும், நுகர்வோர் தொடர்பு விவரம், சைவக் குறியான பச்சை வட்டம், 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் ஆகியவை எண்ணெய்ப் புட்டியில் இருந்தாக வேண்டும். அவர்களுக்கு அந்த உணவு உரிமம் இன்னும் கைக்கு வரவில்லை, விண்ணப்பித்திருந்தார்கள். எண் இல்லாமல் லேபிளை அச்சுக்கு அனுப்ப முடியாது. ஆனால் அது வரும்வரை நான் கடைசித் தவணைக்குக் காத்திருக்கவும் முடியாது. ஆகவே, எண்ணுக்குரிய இடத்தை விட்டு லேபிள்களை முடித்துக் காட்டுவதே வேலை முடிந்ததாகக் கொள்ளப்படும், எண் வந்ததும் அதைக் கட்டணமின்றிச் சேர்த்துத் தருவேன் என்று எழுதினோம். விவரங்களை எழுத்தில் தருவதும் அச்சுக்கு முன் புரூஃப் பார்த்துக் கையெழுத்திடுவதும் அவர்கள் பொறுப்பு. 5,000 லேபிள் அச்சான பின் விலையில் ஒரு பூஜ்யம் குறைந்திருப்பதைக் கண்டுபிடித்தால், அந்த இழப்பை யார் ஏற்பது என்று அப்போது பேசத் தொடங்குவது இருவருக்குமே அவலம்.

உரிமை பற்றிய பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதில் வாடிக்கையாளருக்குத்தான் அதிக ஆபத்து. லோகோ ஒரு கலைப்படைப்பு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, யாரிடமும் ஊழியராக இல்லாத வடிவமைப்பாளர் அதை உருவாக்கும்போது, பொதுவாக அதன் முதல் உரிமையாளர் அவரே. பணம் கொடுத்ததனால் மட்டும் உரிமை மாறிவிடாது. கட்டணம் பெற்று எடுக்கும் புகைப்படத்துக்கு விதி நேர்மாறானது, அது பணம் கொடுத்தவருக்கே போகும் என்பது எங்கள் தொழிலில் பலருக்குத் தெரியாத வேறுபாடு. உரிமையை மாற்றித் தருவதானால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்பு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். மாறாக எழுதப்படாவிட்டால், பெற்றவர் ஓராண்டு பயன்படுத்தாத உரிமை காலாவதியானதாகவும் கருதப்படும். உணவு உரிமம் வருவதற்கே மாதக்கணக்கில் காத்திருக்கும் ஒரு தொழிலுக்கு இது சிறிய செய்தியல்ல. எனவே, மூன்றாம் தவணை வந்து சேர்ந்த நாளிலிருந்து, பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும் உரிமை மாறுகிறது என்றும், ஓராண்டு விதி பொருந்தாது என்றும் எழுதுகிறேன். தேர்ந்தெடுக்கப்படாத இரண்டு மாதிரிகள் என்னுடையவை. பின்னால் திருத்திக்கொள்ளக்கூடிய மூலக் கோப்பான கோரல் ஃபைல் தரப்படும். இதை நான் படித்துக் காட்டியபோது அந்த அம்மையார், "காசு முழுசா குடுத்தாத்தான் எங்களுது, அப்படித்தானுங்க?" என்று ஒரே வாக்கியத்தில் முடித்தார்.

கடைசியாகப் பிரிவதற்கான பத்தி. யார் வேண்டுமானாலும் எழுத்தில் ஒரு வாரம் முன்னறிவித்து நிறுத்தலாம். அவர்கள் நிறுத்தினால், அதுவரை முடிந்த கட்டத்தின் தவணை எனக்கு. நான் நிறுத்தினால், முடிக்காத கட்டத்துக்காக வாங்கிய பணம் அவர்களுக்குத் திரும்பும். கல்லாவுக்கு எதிரே மேசையைத் தேர்ந்தெடுக்கும் அதே மனநிலையில்தான் இந்தப் பத்தியையும் எழுதுகிறேன். நல்ல உறவில் இருக்கும்போதே கதவு எங்கே இருக்கிறது என்று இருவரும் பார்த்து வைத்துக்கொள்கிறோம். உத்யம் பதிவு வைத்திருக்கும் குறுந்தொழில் என்பதால் எனக்கு இன்னொரு பிடிமானமும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் நாள் குறித்திருந்தாலும் பணம் தர 45 நாட்களுக்கு மேல் போகக் கூடாது. நாளே குறிக்காவிட்டால் வேலையை ஏற்றுக்கொண்டதிலிருந்து 15 நாட்கள்தாம். பதிவு எண்ணை ஒப்பந்தத்தின் தலைப்பில் போட்டிருக்கிறேன். அதைச் சுட்டிக்காட்டிப் பேசுவதில்லை.

கையெழுத்திடும் நேரத்தில் கணவர், "ஸ்டாம்ப் பேப்பர் இல்லாம இது செல்லுமாங்க?" என்று கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் முத்திரைத்தாளைக் கேட்கவில்லை. தகுதியுடையவர்கள், சட்டத்துக்கு உட்பட்ட நோக்கத்துக்காக, தம் விருப்பத்தோடு, கைம்மாறு பேசி ஒப்புக்கொண்டால் அது ஒப்பந்தம், வெள்ளைத்தாளானாலும். முத்திரைத்தாளின் வேலை வேறு: உரிய முத்திரைத் தீர்வை செலுத்தாத ஆவணத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது, பிறகு செலுத்தலாம், ஆனால் பத்து மடங்கு வரை அபராதத்தோடு. தமிழ்நாட்டில் நெடுங்காலம் 20 ரூபாய்த் தாளில் எழுதிய சாதாரண ஒப்பந்தங்களுக்கு 2024-இல் தீர்வை 200 ரூபாயாக உயர்ந்தது. 36,000 ரூபாய் வேலைக்கு அது பெரிய தொகையல்ல என்பதால் முதல் பக்கத்தை முத்திரைத்தாளில் அச்சிட்டே கொண்டுபோயிருந்தேன், செலவு என்னுடையது. இரண்டு பக்கத்திலும் மூவரும் கையெழுத்திட்டோம், கணவர் சாட்சியாக. அடித்து எழுதிய ஓரிடத்தில் ஓரமாகச் சிறு கையொப்பங்கள். இரு படிகளையும் அங்கேயே புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நாளும் நேரமும் பதிவாகிவிடும்.

பணம் அனுப்பும்போது ஒரு சிறு தடங்கல். வங்கிக் கணக்குக்கு அனுப்புவதாகச் சொன்னவர், தம் தொலைபேசியில் ஒரு கியூஆர் குறியைத் திறந்து, "இதை ஸ்கேன் பண்ணுங்க, வந்துரும்" என்றார். அவருக்கு அந்தச் செயலி பழக்கமில்லை. யாரோ தவறாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அதே வாக்கியத்தைத்தான் ஏமாற்றுபவர்களும் சொல்கிறார்கள். பணம் பெறுவதற்கு நாம் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின் எண்ணைப் போட வேண்டியதும் இல்லை. என் குறியை நான் காட்டினேன், அவர் ஸ்கேன் செய்தார், 14,400 ரூபாய் வந்ததை என் வங்கிச் செயலியிலேயே திறந்து பார்த்தேன்; அவர் திரையில் தெரிந்த பச்சை அடையாளத்தை வைத்து முடிவு செய்யவில்லை.

"வாங்க மேடம், கார்லயே விட்டுர்றோம்" என்றார்கள். வண்டி இருப்பதாகச் சொன்னேன். அவர்கள் போன பிறகு இன்னொரு காபி சொல்லி, பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, தோழிக்கு அழைத்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நம்மைப் பின்தொடரும் நோக்கம் யாருக்கும் இல்லாவிட்டாலும், நாம் எந்தத் திசையில் போகிறோம் என்பதை முதல் நாளே காட்ட வேண்டியதில்லை.

வேலை ஏழு வாரத்தில் முடிந்தது. ஐந்தாம் வாரத்தில், "ஐந்து லிட்டர் டின்னுக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க, அதேதான்" என்று கணவரிடமிருந்து ஒரு குரல்செய்தி. டின்னின் லேபிள் அதே அல்ல; அளவும் விகிதமும் வேறு, ஒட்டும் பரப்பும் வேறு. ஒப்பந்தத்தின் முதல் பத்தியைப் படம் எடுத்து, மூன்று எண்ணெய்க்கும் டின் லேபிள் என்றால் இன்னும் 12,000 ஆகும் என்று மட்டும் எழுதி, அம்மையாருக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் "நல்லெண்ணெய்க்கு மட்டும் போதும்" என்று பதில் வந்தது, 4,000 ரூபாயோடு. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் வந்தது மூன்று மாதம் கழித்து. அதைச் சேர்த்துக் கொடுக்க இருபது நிமிடம் ஆனது.

புரூஃப் கையெழுத்துக்காக ஒரு முறை அவர்கள் செக்குக்கே போனேன், மாலை நான்கு மணிக்கு, தனியாக. எள் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் தொலைபேசி மணி காதில் விழாது என்று உள்ளே நுழைந்ததும் தெரிந்தது. வெளியே வந்து, அழைப்பதற்குப் பதில் செய்தி அனுப்பும்படி தோழிக்குச் சொல்லிவிட்டு மீண்டும் உள்ளே போனேன்.